ரயிலில் இருந்து எதற்குச் சரி சொல்லலாம்: கோண்டாவில் கொங்கிறீட் தட்டு வேலையின் பதிவு

கோண்டாவிலில் ஒரு வீட்டுக்கு மேல்மாடித் தட்டுப் போடும் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. தரையோடும் குளியலறைச் சாமான்களும் தெரிவுசெய்ய வேண்டும், கனடாவில் இருக்கும் வீட்டுக்காரரின் உறவினர் ஒருவரையும் பார்க்க வேண்டும். சைற்றைப் பொறுப்பாகப் பார்க்க ஒரு தம்பி இருக்கிறார். நல்ல வேலைக்காரர், ஆனால் காசு, அளவு, வரைபட மாற்றம் மூன்றுக்கும் என்னுடைய சரி வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கும் ஒழுங்கு. அந்தச் சரியை யாழ்தேவியில் இருந்தபடி போனில் எதற்கெல்லாம் கொடுக்கலாம், எதை மடிக்கணினியைத் திறக்கும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என்று பிரித்துச் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் வேலைகளை ட்ரெல்லோ என்ற செயலியில் வைத்திருக்கிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு போர்ட். அதில் ஐந்து பட்டியல்கள் உண்டு: செய்ய வேண்டியது, நடக்கிறது, பார்த்துச் சொல்லுங்கோ, சரி, மேசைக்கு. ஒவ்வொரு வேலையும் ஒரு கார்ட். தம்பி வேலை முடிந்ததும் படங்களைப் போட்டுக் கார்ட்டைப் 'பார்த்துச் சொல்லுங்கோ' பட்டியலுக்கு நகர்த்துவார், நான் பார்த்துச் 'சரி'க்கு நகர்த்துவேன். 'மேசைக்கு' என்ற பட்டியல் இந்தப் பயணத்துக்காகவே புதிதாகச் சேர்த்தது. நான் வழியில் இருக்கும்போது முடிவெடுக்கக் கூடாதவை அங்கே போய் நிற்கும். ட்ரெல்லோவிலேயே அனுமதி என்று தனியாக ஒரு பொத்தான் கிடையாது. பட்டியல் மாற்றமும் கருத்துரையும்தான் எங்களுக்கு அனுமதி.

யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், வழி முழுக்க ஒரே மாதிரிச் சிக்னல் கிடையாது. கிளிநொச்சி, வவுனியா, அநுராதபுரம் போன்ற இடங்களில் நன்றாக இருக்கும், நடுவில் காட்டுப் பக்கங்களில் விட்டுவிட்டு வரும். ட்ரெல்லோ செயலி சிக்னல் இல்லாதபோதும் வேலை செய்யும். நாம் செய்த மாற்றத்தைப் போனிலேயே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதி கொடுக்கிற ஆளுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

சோதனை சுலபம். இரண்டு போன்கள், சும்மா ஒரு சோதனைக் கார்ட். முதல் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு அந்தக் கார்ட்டைச் 'சரி'க்கு நகர்த்தினேன். அந்தப் போனில் கார்ட் உடனே சரிக்குப் போய்விட்டது, எந்தத் தடங்கலும் இல்லை. இரண்டாவது போனில் கார்ட் பழைய இடத்திலேயே நின்றது. இப்போது இரண்டாவது போனில், சைற்றில் இருக்கும் தம்பி செய்வது போல, இன்னொரு படத்தைச் சேர்த்துக் கார்ட்டைத் திரும்ப 'நடக்கிறது' பட்டியலுக்கு இழுத்தேன். சிறிது நேரம் விட்டு முதல் போனில் சிக்னலைத் திறந்தேன். கார்ட் நேராகச் 'சரி'யில் போய் உட்கார்ந்தது. போர்டின் வரலாற்றில் பதிவாகியிருந்தது நான் அழுத்திய நேரம் இல்லை, சிக்னல் வந்து சேர்ந்த நேரம். ஆகவே பார்க்கிறவருக்கு, புதுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் நான் சரி சொன்னது போல இருக்கும். நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

சும்மா ஒரு பெயின்ற் வேலை என்றால் இது பெரிய விஷயமில்லை. கம்பிக்கு மேலே கொங்கிறீட் ஊற்றுகிற வேலையில் பெரிய விஷயம். ஊற்றிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் இரண்டு ஒழுங்குகளை வைத்தோம். முதலாவது, கார்ட் எந்தப் பட்டியலில் நிற்கிறது என்பது அனுமதி இல்லை. அனுமதி என்பது கருத்துரையில் எழுதிய வரி மட்டும்தான். இரண்டாவது, அந்த வரியில் நான் எதைப் பார்த்தேன் என்பது இருக்க வேண்டும். தம்பி ஒவ்வொரு முறையும் போடும் படங்களுக்குத் தொகுதி எண் கொடுப்பார்: தொகுதி 1, தொகுதி 2 என்று. நான் எழுதும்போது 'தொகுதி 2 பார்த்தேன். கம்பி இடைவெளி சரி. கவர் சரி' என்று எழுதுவேன். கவர் என்பது கம்பியை வெளியே தெரியாமல் மூடி நிற்கும் கொங்கிறீட்டின் தடிப்பு. கார்ட்டில் கடைசியாக இருப்பது தொகுதி 3 என்றால், என் வரி எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாலும் அது தொகுதி 3க்குச் செல்லாது. இந்த ஒரு பழக்கம் சிக்னல் பிரச்சினையை அப்படியே தீர்த்துவிடுகிறது, ஏனென்றால் சரி சொன்ன நேரத்தை இனி யாரும் பார்க்கத் தேவையில்லை.

வெறும் 'ஓகே', பெருவிரல் குறி, 'சரி தம்பி' இவையெல்லாம் எங்கள் போர்டில் செல்லாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கார்ட்டின் விளக்கப் பகுதியையும் போனில் திருத்துவதில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் பிறகு சேமித்தவருடையது மற்றவருடையதை மூடிவிடும். கருத்துரை அப்படியில்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், யார் எழுதியது என்றும் தெரியும்.

அடுத்த வேலை, கார்ட்டுகளைப் போனில் பதில் சொல்லக்கூடிய விதமாக மாற்றி எழுதுவது. இதைப் புறப்படும் முதல் நாள் மேசையில் இருந்து செய்தேன், எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்ததும் இதுதான். போன் திரையில் ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும். வரைபடத்தைத் திறந்தால் படம் மறைந்துவிடும், படத்தைத் திறந்தால் பில் மறைந்துவிடும். ஆகவே வரைபடத்தில் இருக்கும் எண்ணைக் கார்ட்டின் மேலேயே எழுதிவிட்டால், படத்தையும் அந்த எண்ணையும் பார்த்தால் போதும்.

சீமெந்து கார்ட்டை உதாரணமாகச் சொல்கிறேன். தட்டு 30 அடிக்கு 20 அடி, தடிப்பு 5 அங்குலம். பீம்களை விட்டுத் தட்டுக்கு மட்டும் 250 கன அடி கொங்கிறீட். ஈரமாகக் கலந்தபின் கன அளவு குறைந்துவிடுவதால் உலர்ந்த சாமானாக ஏறத்தாழ 1.54 மடங்கு, அதாவது 385 கன அடி எடுக்க வேண்டும். 1:1½:3 கலவை என்றால் மொத்தம் ஐந்தரைப் பங்கு. சீமெந்து 70 கன அடி, 50 கிலோ மூடை ஒன்று 1.23 கன அடியளவு, ஆக 57 மூடை. மணல் 105 கன அடி, எங்கள் கியூப் கணக்கில் ஒரு கியூபுக்குச் சற்று மேல். கல் இரண்டு கியூபுக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை ரயிலில் இருந்து செய்ய முடியாது என்றில்லை, ஆனால் செய்யக்கூடாது. மேசையில் செய்து கார்ட்டின் மேலே 'தட்டுக்கு மட்டும் 57 மூடை. இறக்கும்போது 60 இருக்க வேண்டும்' என்று எழுதிவிட்டேன். பிறகு வழியில் எனக்கு வந்த கேள்வி மூடைகளை அடுக்கிய ஒரு படமும், 60 என்ற எண்ணும் மட்டும்தான். ஆறு அடுக்கு, அடுக்குக்குப் பத்து. சாவகச்சேரி தாண்டுவதற்குள் பதில் எழுதிவிட்டேன்.

போகும் வழியிலேயே மற்ற வகையும் வந்தது. கம்பிக் கடையில் இருந்து தம்பிக்கு ஒரு செய்தி. நாங்கள் கேட்டிருந்தது 6 மீட்டர் நீளக் கம்பி, கடையில் இப்போது 12 மீட்டர் கம்பிதான் இருக்கிறது, 10 மிமீ கம்பியில் 64 போதும், ஏற்றிவிடட்டுமா என்று. தம்பி கார்ட்டில் எழுதியிருந்தார்: "அண்ணை, கணக்கு நான் பாத்தனான், மொத்த நீளத்தைப் பன்னிரண்டால பிரிக்க 64 தான் வருது. ஓம் எண்டு சொன்னா இண்டைக்கே லொறியில ஏத்துவினம்."

நானும் போன் கல்குலேட்டரில் பிரித்துப் பார்த்தேன். 64 தான். இந்த இடம்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் போனில் பார்க்கும்போது இது சரியான கணக்காகத்தான் தெரிகிறது. ஆனாலும் இது கார்ட்டில் எழுதியிருந்த கேள்வி இல்லை. நான் எழுதிவைத்த எதிர்பார்ப்பு 6 மீட்டர் கம்பிக்கானது. கடை மாற்றியது எண்ணிக்கையை மட்டுமில்லை, நீளத்தையும். எதிர்பார்த்த எண்ணோடு ஒப்பிடுவது ஒரு வேலை, எதிர்பார்ப்பையே புதிதாகக் கணக்கிடுவது இன்னொரு வேலை. இரண்டாவது மேசைக்குரியது. கார்ட்டை 'மேசைக்கு' நகர்த்தி இப்படி எழுதினேன்: "12 மீட்டர் கம்பி பற்றி இன்றிரவு கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கடைக்கு ஓம் சொல்ல வேண்டாம். கையில் இருக்கும் கம்பியில் பீம் வேலை தொடரலாம்."

'வேண்டாம்', 'நிறுத்து', 'நாளைக்கு' என்பவற்றைப் போனில் இருந்து பயமில்லாமல் சொல்லலாம் என்பதை இந்தப் பயணத்தில் நன்றாகக் கண்டுகொண்டேன். தவறான நிறுத்தலால் போவது அரை நாள். தவறான ஓமால் போவது காசும் சில நேரம் கட்டடமும். ஆனால் நிறுத்தும்போது வேறு எந்த வேலை தொடரலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் கம்பி கட்டுகிறவர்கள் அன்று முழுக்கச் சும்மா இருப்பார்கள், நாளும் கூலியும் போகும்.

இரவு வெள்ளவத்தையில் தங்கிய இடத்தில் மடிக்கணினியைத் திறந்து, ஒரு பக்கம் வரைபடத்தையும் மறுபக்கம் கணக்குத் தாளையும் வைத்துப் பார்த்தேன். கம்பி இரண்டு திசையிலும் 150 மிமீ இடைவெளி. இரண்டு முனையிலும் 25 மிமீ கவர் விட்டால் குறுக்குக் கம்பி ஒன்றின் நீளம் 6.05 மீட்டர், அப்படி 62 வேண்டும். நெடுக்குக் கம்பி 9.09 மீட்டர், அப்படி 42. மொத்த நீளம் 757 மீட்டர், பன்னிரண்டால் பிரித்தால் 64. இதுவரை கடைக்காரர் சொன்னதும் தம்பி சொன்னதும் ஒன்றுதான்.

ஆனால் கம்பியை மீட்டரால் வாங்கினாலும் துண்டாகத்தான் வெட்டுகிறோம். 12 மீட்டர் கம்பியில் 9.09 மீட்டர் நெடுக்குக் கம்பி ஒன்றை வெட்டினால் 2.91 மீட்டர் மிஞ்சும். அப்படியான மிச்சம் 42 வரும், ஒன்றுகூட 6.05 மீட்டர் குறுக்குக் கம்பிக்குக் காணாது. இரண்டை ஒட்டவைத்தாலும் எங்கள் வரைபடத்தில் 10 மிமீ கம்பிக்குக் கேட்ட 500 மிமீ மேல்படிவு, அதாவது இரண்டு துண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும் நீளம் போக 5.32 மீட்டர்தான் வரும். ஆகவே நெடுக்குக்கு மட்டும் 42 முழுக் கம்பி போய்விடுகிறது. குறுக்குக்கு 12 மீட்டர் கம்பியை நடுவால் வெட்டினால் 6 மீட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 5 சென்ரிமீட்டர் குறைவு. அதற்காக 6.05 ஆக ஒன்றை வெட்டி, மிஞ்சும் 5.95 மீட்டருக்கு, நெடுக்கின் மிச்சத்தில் இருந்து 60 சென்ரிமீட்டர்த் துண்டை 500 மிமீ மேல்படிவோடு கட்டினால் சரியாக 6.05 வரும். அப்படி 31 முழுக் கம்பியில் 62 குறுக்குக் கம்பியும் தேறிவிடும். 42ம் 31ம் சேர்ந்து 73. கடை சொன்ன 64க்கும் இதற்கும் 9 கம்பி வித்தியாசம்.

64 வந்து இறங்கியிருந்தால் தட்டின் கடைசிப் பக்கத்தில்தான் குறைவு தெரியவந்திருக்கும். அந்த நேரத்தில் மிக்சருக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்கள் வந்தாகிவிட்டது என்ற அவசரத்தில் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக் கட்டிவிடுவார்கள். கம்பி வேலையில் குறைபாடு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை.

இணைப்புகள் எல்லாம் ஒரே வரிசையில் விழாமல் மாறிமாறி இருக்க வேண்டும் என்பதால், வெட்டும் விதத்தை எஞ்சினியருக்கு அனுப்பிக் கேட்டேன். அவர் சரி சொன்ன பிறகு கார்ட்டின் மேலே புது எதிர்பார்ப்பை எழுதினேன்: 73 வேண்டும், 75 எடுக்க வேண்டும், 12 மீட்டர் கம்பி ஒன்று 7.4 கிலோ, ஆகவே நிறைச் சீட்டில் ஏறத்தாழ 555 கிலோ இருக்க வேண்டும். 10 மிமீ கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ என்பதில் இருந்து வருகிறது அந்த நிறை. கம்பி வந்திறங்கியபோது நான் ஒரு கடைக்குள் தரையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைச் சீட்டின் படம் வந்தது, எண்ணைப் பார்த்தேன், ஒரு வரியில் சரி எழுதினேன். அதே விஷயம்தான், ஆனால் மேசையில் ஒரு முறை போய் வந்ததால் போனில் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆனால் அந்தச் சரி கம்பி வந்து சேர்ந்ததற்கு மட்டும். காசு கொடுப்பது வேறு கார்ட். பில்லைப் பார்த்துக் காசு அனுப்புவதை வழியில் செய்வதில்லை என்று முடிவாக வைத்திருக்கிறேன். கிலோ விலையா, கம்பி விலையா, லொறிக்கூலி உள்ளே இருக்கிறதா, போன தடவை கொடுத்த முற்பணம் கழிந்ததா என்று நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும், அதோடு வங்கிச் செயலியும். கடைக்காரர்களிடம் காசு எப்போது வரும் என்ற நாளை முன்பே சொல்லிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை.

திரும்பி வரும் வழியில்தான் தட்டுக் கம்பியின் படங்கள் வந்தன. இதற்காகத் தம்பியோடு முன்பே உட்கார்ந்து, எப்படியான படங்கள் வேண்டும் என்று பேசியிருந்தேன். தூரத்தில் இருந்து எடுத்த ஒரு முழுப் படம். டேப்பைக் கம்பிகளுக்குக் குறுக்கே விரித்து, ஐந்து இடைவெளி தெரிய ஒரு படம். 150 மிமீ இடைவெளி என்றால் முதல் கம்பியின் நடுவில் இருந்து ஆறாவது கம்பியின் நடுவுக்கு 750 வர வேண்டும். ஒரு இடைவெளியை மட்டும் அளந்தால் நல்லதாக இருக்கும் ஒன்றைத் தெரியாமலே தெரிவுசெய்துவிடலாம், ஐந்தைச் சேர்த்து அளந்தால் அந்தப் பகுதி முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்தது கவர் புளொக் கம்பிக்கு அடியில் இருப்பது தெரிய, அடிப்பலகையோடு சேர்த்து எடுத்த படம். கடைசியாக 60 சென்ரிமீட்டர்த் துண்டு கட்டிய இடத்தில் மேல்படிவுக்குப் பக்கத்தில் டேப் வைத்த படம்.

இந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பக் கூடாது. அது படத்தைச் சுருக்கிவிடும், டேப்பில் இருக்கும் மில்லிமீட்டர்க் கோடுகள் குழைந்துபோகும். போனின் படத்தொகுப்பில் இருந்து நேரே ட்ரெல்லோ கார்ட்டுக்குப் பகிர வேண்டும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்ப வேண்டும். இலவசக் கணக்கில் ஒரு கோப்புக்கு 10 எம்பி எல்லை இருக்கிறது, சாதாரணப் படத்துக்கு அது தாராளம். வீடியோவுக்குக் காணாது, வீடியோ நான் கேட்பதுமில்லை. ஓடுகிற வீடியோவில் டேப்பை வாசிக்க முடியாது.

அநுராதபுரத்தில் சிக்னல் நல்லதாக இருந்தபோது தொகுதி 1ஐத் திறந்து எல்லாப் படங்களையும் ஒருமுறை முழுதாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படிப் பார்த்துவிட்டால் பிறகு சிக்னல் போனாலும் படம் பெரும்பாலும் போனில் நிற்கும். இடைவெளிப் படம் நன்றாக இருந்தது. 750க்கு 745, பரவாயில்லை. மேல்படிவும் சரி. கவர்ப் படத்தில் புளொக் தெரிந்தது, ஆனால் நடுப்பகுதியில் கம்பி தொய்ந்து பலகையைத் தொடுவது போல ஒரு நிழல். அது நிழலா, தொடுகையா என்று எவ்வளவு பெரிதாக்கினாலும் சொல்ல முடியவில்லை. எழுதினேன்: "தொகுதி 1 பார்த்தேன். இடைவெளி சரி, மேல்படிவு சரி. கவர் இன்னும் சரி இல்லை. நடுவில் நான்காவது வரிசையில் கம்பி பலகையைத் தொடுகிறதா? விரலை அடியில் வைத்துப் படம் எடுத்துப் போடவும்."

கொஞ்ச நேரத்தில் வந்தது: "ஓம் அண்ணை, ரெண்டு இடத்தில தொட்டது. புளொக் வைச்சாச்சு. தொகுதி 2 போட்டிருக்கிறன்." தொகுதி 2இல் விரல் அடியில் நுழைந்திருந்தது, புதுப் புளொக்கும் தெரிந்தது. 'தொகுதி 2 பார்த்தேன், கவர் சரி' என்று எழுதி அனுப்பினேன். பகுதி பகுதியாகச் சரி சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. மூன்றில் இரண்டைச் சரி என்றுவிட்டால் தம்பி மூன்றாவதை மட்டும் திருத்துவார், மொத்தக் கார்ட்டையும் நிராகரித்தால் எல்லாவற்றையும் திரும்பப் படமெடுத்துக்கொண்டு நிற்பார்.

இவ்வளவும் பார்த்த பிறகும், 'கொங்கிறீட் ஊற்றலாம்' என்ற கார்ட்டுக்கு நான் போனில் சரி சொல்லவில்லை. அது படத்தில் அடங்காத வேலை. முட்டுகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்பதைக் கையால் தட்டிப் பார்க்க வேண்டும். பீமுக்கு மேலே வரும் மேற்கம்பி ஆட்கள் நடந்து நடந்து கீழே அமிழ்ந்துவிடும், காலையில் படம் எடுக்கும்போது சரியாக இருந்தது மத்தியானம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வைப்ரேட்டர் வேலை செய்கிறதா, இன்னொன்று கைவசம் இருக்கிறதா, மழை இருட்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் அங்கே நிற்கிறவருக்குத்தான் தெரியும். ஆகவே அந்தக் கார்ட்டின் பொறுப்பை எஞ்சினியருக்கு மாற்றிவைத்திருந்தேன். அவர் சைற்றுக்கு வந்து பார்த்து அவரே சரி எழுத வேண்டும். என்னுடைய 'தொகுதி 2 சரி' அவருக்கு ஒரு தகவல், அவ்வளவுதான்.

இந்தக் கார்ட் அவசரத்தில் தவறுதலாக நகர்ந்துவிடாமல் இருக்க ஒரு தானியங்கி விதியும் எழுதினேன். ஊற்றும் அனுமதிக்கு 'ஊற்றலாம்' என்று தனிப் பட்டியல் வைத்து, எஞ்சினியரின் கணக்கில் இருந்து இந்த விதியைப் போட்டோம்:

```
when a card is moved into list "ஊற்றலாம்" by anyone except me, move the card to the top of list "பார்த்துச் சொல்லுங்கோ"
```

இதில் me என்பது விதியை எழுதியவர். அதனால்தான் அவருடைய கணக்கில் இருந்து எழுத வேண்டியிருந்தது. அவர் தவிர யார் நகர்த்தினாலும், நான் நகர்த்தினாலும்கூட, கார்ட் திரும்பி வந்துவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் நகர்த்தினால் என் போனில் கார்ட் 'ஊற்றலாம்' பட்டியலில் நிற்பது போலத் தெரியும், சிக்னல் வந்ததும் விதி ஓடித் திரும்பிவிடும். விதிகளை எழுதுவதும் மாற்றுவதும் கணினியில் மட்டும்தான் செய்கிறேன். விதியில் ஒரு பட்டியலின் பெயர் தவறினால் என்ன நடக்கும் என்பது பல கார்ட்டுகள் இடம் மாறிய பிறகுதான் தெரியும், பெருவிரலால் செய்யக்கூடிய வேலை அது இல்லை.

திரும்பும் வழியில் இன்னொன்றும் வந்தது, கனடாவில் இருந்து. அங்கே இரவு, இங்கே காலை. வீட்டுக்காரர் மேல்மாடிக் குளியலறையை மூன்று அடி கிழக்கே தள்ள முடியுமா என்று கேட்டிருந்தார். வாசிக்கும்போது சின்ன விஷயம் போலத்தான். ஆனால் குளியலறை நகர்ந்தால் கழிவுக் குழாய் நகரும், அதோடு தட்டில் குழாய்க்கு விட்ட துவாரம் நகரும், அந்தத் துவாரத்தைச் சுற்றிக் கம்பியை ஏற்கெனவே வெட்டிக் கட்டியாகிவிட்டது. கொங்கிறீட் ஊற்ற இருக்கும் நேரம். இது ஒரு கார்ட்டைத் தொடும் கேள்வி இல்லை, வரைபடம், குழாய், கம்பி, செலவு என்று பல கார்ட்டுகளைத் தொடும். போனில் அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து திகதிகளை மாற்றிக்கொண்டு போனால் ஒன்று விடுபடும், விடுபட்டதும் தெரியாது.

வழியில் இரண்டே காரியங்கள் செய்தேன். அந்தத் துவாரத்தோடு சம்பந்தப்பட்ட கார்ட்டுக்குச் சிவப்பு அடையாளம் போட்டு, 'மாற்றம் கேட்கப்பட்டிருக்கிறது, முடிவு வரும்வரை இந்தப் பக்கம் ஊற்ற வேண்டாம்' என்று எழுதினேன். எஞ்சினியரை நேரே தொலைபேசியில் கூப்பிட்டு அதையே சொன்னேன், ஏனென்றால் ஊற்றுவதை நிறுத்தும் விஷயத்தில் அறிவிப்புச் சத்தத்தை நம்பியிருக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு, 'தட்டுக்கு இப்போது கம்பி கட்டியாகிவிட்டது, மாற்றினால் என்ன செலவு, எத்தனை நாள் என்று நாளை மாலைக்குள் எழுதுகிறேன்' என்று மட்டும் பதில் போட்டேன். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மறுநாள் மேசையில் இருந்து செலவை எழுதி அனுப்ப, அவர் பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்றுவிட்டார். சிவப்பு அடையாளத்தை எடுத்தோம், எஞ்சினியர் வந்து பார்த்துச் சரி எழுதி, கார்ட்டை 'ஊற்றலாம்' பட்டியலுக்கு நகர்த்தினார்.

ஊற்றிய பிறகு போனுக்கு என்று நல்ல வேலை ஒன்று இருக்கிறது, அது நீர் கட்டுவது. தட்டின்மேல் ஏழு நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும், யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு மத்தியானம் விட்டாலே மேல் காய்ந்து வெடிப்பு விழும். கார்ட்டில் நாளுக்கு ஒரு வரியாகச் சரிபார்ப்புப் பட்டியல் போட்டு, மத்தியானம் 2 மணிக்கு எடுத்த படம் ஒன்றையும் கேட்டிருக்கிறேன். காலையில் எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள், மத்தியானப் படத்தில்தான் உண்மை தெரியும். அந்தப் படத்தை எந்தப் பேருந்தில் இருந்தும் பார்த்துவிடலாம், தட்டு கருமையாக இருந்தால் ஈரம், வெளிறியிருந்தால் காய்ந்துவிட்டது, உடனே தம்பிக்கு ஒரு அழைப்பு. முட்டு எடுக்கும் நாளை மட்டும் அந்தக் கார்ட்டில் வைக்கவில்லை. அது தனிக் கார்ட், எஞ்சினியரின் பெயரில் இருக்கிறது.